எதிர்வெயிலில் முடி ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: காலி முகத்திடலில் பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு, கடல் பின்னால் தெரிய அக்காவின் மகளைப் படம் எடுத்தேன். சூரியன் படத்துக்குள் இல்லை. ஆனாலும் பால் ஊற்றினதுபோல் படம் வெளிறி, கறுப்பு முடிகூடச் சாம்பலாகத் தெரிகிறது. கன்னத்தில் ஒரு பச்சைப் புள்ளி வேறு. 18-55 லென்ஸ், முன்னால் யூவி பில்டர். லென்ஸ் பழுதாகிவிட்டதா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: லென்ஸில் பழுது இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளையின் கண் இமை முடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆக ஃபோகஸ் சரி. ஆனால் ஹிஸ்டோகிராமின் இடது ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது. கறுப்பு முடி இருக்கும் படத்தில் கறுப்பே பதியவில்லை என்றால், அது வெய்லிங் கிளேர்.

சூரியன் படத்துக்கு வெளியே இருந்தாலும் அதன் ஒளி லென்ஸின் முன்கண்ணாடியில் விழுகிறது. உள்ளே கண்ணாடிக்குக் கண்ணாடி தெறித்து, குழலின் சுவரிலும் பட்டு, கடைசியில் சென்சர் முழுக்க மெல்லிய திரையாகப் பரவுகிறது. அந்தத் திரை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைக் கூட்டுவதுதான் சிக்கல். முடியில் இருந்து 1 பங்கு ஒளியும், வானத்தில் இருந்து 64 பங்கும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை 4 பங்கு கூட்டினால் முடி 5 ஆகும், வானம் 68 ஆகும். வானத்தில் வித்தியாசமே தெரியாது. முடியோ ஐந்து மடங்கு வெளுத்துவிடும். 64 மடங்காக இருந்த இடைவெளி 14 மடங்குக்குள் சுருங்குகிறது.

பச்சைப் புள்ளியும் அதே தெறிப்புத்தான். பரவாமல் ஓர் இடத்தில் குவிந்ததால் உருவமாகத் தெரிகிறது. கமராவைச் சற்றுத் திருப்பினாலே அது கன்னத்தை விட்டு நகர்ந்துவிடும்.

அடுத்த முறை அங்கே போனால் முதலில் பில்டரைக் கழற்றுங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மலிவான பில்டர் அப்படி இரண்டு பரப்புகளைக் கூடுதலாக வைக்கிறது. பிறகு முன்கண்ணாடிக்குச் சாய்வாக டோர்ச் அடித்துப் பாருங்கள். திடலில் அரை மணி நேரம் நின்றாலே உப்புக்காற்று ஒரு படலத்தை விட்டுப் போகும், நேராகப் பார்த்தால் அது தெரியாது. சட்டை முனையால் துடைக்க வேண்டாம். ஊதியால் தூசியைப் போக்கி, லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

அப்புறம் ஹூட். கட்டாயம் போடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். உங்களுடையது ஸூம் லென்ஸ். அதன் ஹூட் 18 மில்லிமீட்டரில் ஓரம் மறைக்காதபடி குட்டையாகச் செய்யப்பட்டது. நீங்கள் எடுத்ததோ 55இல். அங்கே அந்த ஹூட் போதாது. உங்கள் கைதான் நல்ல ஹூட். வியூஃபைண்டரில் பார்த்தபடியே, இடது கையை லென்ஸுக்கு மேலே சூரியன் பக்கம் நீட்டுங்கள். கையின் நிழல் முன்கண்ணாடியில் விழுந்த நொடியில் முடி சட்டென்று கறுக்கும். கை படத்துக்குள் வராமல் கிளிக் செய்யுங்கள். நிழல் விழுந்தும் மாற்றம் இல்லை என்றால், திரை போடும் ஒளி படத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வெளிறிய வானம், இல்லை மினுங்கும் கடல். அதற்கு ஹூட்டோ கையோ உதவாது. இரண்டடி தள்ளி நின்று, அந்தப் பளீர் பகுதியைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒளித்துவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த படத்தை விட வேண்டாம். ரோ கோப்பை லைட்ரூமில் திறந்து பார்த்தேன். திரை இடது மேல் மூலையில் தடிப்பாகவும், வலது கீழே மெல்லிசாகவும் இருக்கிறது. முழுப் படத்துக்கும் கொன்ட்ராஸ்ட் ஏற்றினால் வலது பக்கம் கருகிவிடும். அதனால் அந்த மூலையில் இருந்து முகத்தைத் தாண்டும்வரை ஒரு Linear Gradient இழுத்தேன். அதற்குள் Blacks −35, பிறகு Dehaze +12. முதலில் Blacks தான். கூடிய ஒளியைக் கழிக்கும் வேலைக்குக் கிட்டவாக வருவது அது. Dehaze நிறத்தையும் சேர்த்து ஏற்றும், தோல் செங்கல் நிறமாகும். பின்னேர வெயிலின் திரை செம்மஞ்சளாக இருந்ததால், அதே மாஸ்க்குக்குள் Temp-ஐக் கொஞ்சம் நீலப்பக்கம் தள்ளினேன். பச்சைப் புள்ளிக்குக் கன்னத்தின் மற்றொரு பகுதியில் இருந்து தோலை எடுத்து ஒட்டினேன்.

முடி மறுபடியும் கறுத்துவிட்டது. ஆனால் 100 சதவீதத்தில் பார்த்தால் அங்கே பொடி மணல்போல் இரைச்சல் தெரியும். கூடி வந்த 4 பங்கைக் கழிக்கலாம், அதோடு வந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. அஞ்சலட்டை அளவில் அச்சடித்தால் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் மாட்டும் அளவுக்கு வேண்டுமென்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு பின்னேரம் போய்வாருங்கள்.