இறப்புச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது உறவை எப்படிக் காட்டுவது? கேள்வி பதில்

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. என் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஏற்றினேன். உறவு நிரூபணமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்ற மகளுக்கே இப்படியா?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு உங்களைத் தெரியாது, தாளில் இருக்கும் பெயர்கள் மட்டும்தான் தெரியும். பதிவு அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் நான் பல வருடம் இருந்தேன். விண்ணப்பிப்பவரின் இன்றைய பெயரில் தொடங்கி, ஒவ்வொரு தாளாகப் பிடித்துக்கொண்டே போய் இறந்தவரின் பெயரைத் தொட முடிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். நடுவில் பெயர் மாறி, அந்த மாற்றத்துக்குத் தாள் இல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அட்டையில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?

அட்டையில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர். அம்மா பிறகு மறுமணம் செய்துகொண்டார், இறப்புப் பதிவில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

அப்படியென்றால் சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. உங்கள் திருமணச் சான்றிதழ் முதல் இடத்தை இணைக்கும், அம்மாவின் மறுமணச் சான்றிதழ் இரண்டாவதை. அடையாள அட்டை, உங்கள் திருமணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் மறுமணச் சான்றிதழ் என்று இதே வரிசையில் நான்கையும் வையுங்கள். ஒரே ஒரு ஆவணம் ஏற்றத்தான் இடம் இருக்கிறது என்றால் நான்கையும் ஒரே PDF ஆக்கி ஏற்றுங்கள். குறிப்பு எழுதப் பெட்டி இருந்தால் காலியாக விடாதீர்கள். "பக்கம் 2: திருமணத்துக்குப் பின் என் பெயர் மாறியது. பக்கம் 4: மறுமணத்துக்குப் பின் அம்மாவின் பெயர் மாறியது" என்று இரண்டு வரி போதும். பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் பல நேரம் திரும்பித்தான் வரும்.

அம்மாவின் மறுமணச் சான்றிதழ் கையில் இல்லையா? திருமணம் பதிவான அலுவலகத்தில் நகல் கேளுங்கள். அதற்கே நாளாகலாம், அதனால் அதை முதலில் தொடங்கிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலேயே இறந்த காரணம், நேரம் எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?

அது மருத்துவர் தரும் தாள், அதை வைத்துத்தான் இறப்பைப் பதிவு செய்வார்கள். நீங்கள் கேட்பது அந்தப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ். ஆன்லைனில் தேடும்போது பதிவே இல்லை என்று வந்தால் அது உறவு சம்பந்தப்பட்ட சிக்கல் இல்லை. பதிவே நடந்திருக்காது, அல்லது பதிவில் உள்ளபடி பெயரைப் போடவில்லை, அல்லது இறந்த இடத்துக்கான அலுவலகத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுகிறீர்கள்.

இறந்துபோன அண்ணனின் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்கிறேன். இருவருக்கும் ஒரே முகவரி, அந்த முகவரிச் சான்றை ஏற்றினால் போதும்தானே?

முகவரி ஒன்றாக வாழ்ந்ததைக் காட்டும், உடன்பிறந்ததைக் காட்டாது. உங்கள் பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஏற்றினாலும் அதில் அண்ணன் பெயரே இருக்காது. இருவருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும், இரண்டிலும் பெற்றோரில் ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். அண்ணி இருக்கிறார், அவரால் முடியும் என்றால் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருமணச் சான்றிதழ் ஒன்றிலேயே முடிந்துவிடும்.

இறப்புப் பதிவில் அப்பா பெயரில் எழுத்துப் பிழை. என் தாள்களில் சரியாக இருக்கிறது. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

தேடுவதற்குப் பதிவில் உள்ளபடியே போடுங்கள், இல்லாவிட்டால் பதிவு கண்ணில் படாது. ஆனால் நகல் வாங்குவதற்கு முன்னால் பிழையைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுங்கள். என் அப்பா இறந்தபோது பதிவுக்குத் தகவல் கொடுத்தவன் நான்தான். அன்றிருந்த மனநிலையில், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டேன். நகல்கள் வாங்கி வங்கிக்கு எடுத்துப்போன பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் வீண். அவருடைய அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வைத்துத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து வாங்கினேன்.

எல்லாம் சரியாகத்தான் ஏற்றினேன், தெளிவில்லை என்று வந்தது.

தாளின் நான்கு மூலையும் படத்தில் தெரிகிறதா பாருங்கள். பின்பக்கம் முத்திரை இருந்தால் அதையும் ஏற்ற வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் திருமணம் செய்துகொள்ளாமல் பல வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். எனக்குக் கிடைக்குமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் தவிர யாருக்கும் தராத இடங்கள் உண்டு. சட்டப்படி தேவை இருப்பதைக் காட்டினால் தரும் இடங்களும் உண்டு. காப்பீட்டிலோ உயிலிலோ உங்கள் பெயர் இருக்கிறதா?

(இன்னொருவர்) என் தோழிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தை வைத்துக் கிடைத்தது.

நல்ல தகவல். ஆனால் அதே கடிதம் இவர் விண்ணப்பிக்கும் இடத்தில் செல்லுமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்கள் யார் என்று படிவத்தின் தொடக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் படியுங்கள், உங்கள் நிலை அதில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.