பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்

அன்புள்ள அக்கா,

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தினேன். அவர் மேடையில் எனக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காக அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினேன். கடைசியில் அவர் பெயரே கேட்கவில்லை என்றார்கள். அவர் எழுந்து வந்தபோது இருவரும் போடியத்தருகே முட்டிக்கொண்டோம். எங்கே பார்ப்பது, எங்கே நிற்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தலை திரும்பினால் வாய் மைக்கை விட்டு விலகும், குரல் இறங்கிவிடும். அநேகமாக அது நடப்பது பெயரைச் சொல்லும்போதுதான். பெயரைச் சபையைப் பார்த்தே சொல்லுங்கள். சொல்லி முடித்து, வாயை மூடி, அப்புறம் அவர் பக்கம் திரும்புங்கள். பெயரைத் தாளைப் பார்த்துப் படிக்கவும் வேண்டாம்.

விருந்தினரைப் பார்க்காமல் பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் பார்க்கும் இடத்தைத்தான் சபையும் பார்க்கும். ஐந்து நிமிடம் எல்லோரும் முறைத்தால் பாவம், அவர் எங்கே போவார்? தொடக்கத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை பார்த்தால் போதும். நடுவில் சபைதான். அதற்காக முன்வரிசைப் பஞ்சாயத்து மெம்பர்களிடமே பேசிக்கொண்டிருக்காதீர்கள். பின்பாதியில் ஒரு முகத்தைப் பிடித்து ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த முகத்துக்குப் போங்கள்.

கை விஷயத்தில்தான் நம் ஊரில் ஒரு சிக்கல். விருந்தினர் உங்கள் இடப்பக்கம் என்றால், இயல்பாக நீளுவது இடக்கை. பெரியவர்களை இடக்கையால் காட்டினால் நம்மவர்களுக்கும் பிடிக்காது, மலையாளிகளுக்கும் பிடிக்காது. வலக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். எனவே கையை நீட்டவே வேண்டாம். பெயரைச் சொல்லும்வரை கைகள் போடியத்தின் மேல் இருக்கட்டும், உடல் பாரம் இரண்டு காலிலும் இருக்கட்டும். பெயருக்குப் பிறகு உடம்போடு அவர் பக்கம் திரும்பி, இரு கையும் கூப்புங்கள். அப்புறம் நீங்களே முதலில் கைதட்டுங்கள், சபை பின்தொடரும்.

முட்டிக்கொண்டதற்குக் காரணம், அவர் வரும் வழியிலேயே நீங்கள் திரும்பிப் போனது. அவர் இடமிருந்து வருகிறார் என்றால் நீங்கள் வலப்பக்கம், இரண்டடி பின்னே தள்ளி நில்லுங்கள். அவர் போடியத்துக்கு வந்து சேரும்வரை நகராதீர்கள்; யாருமில்லாத மைக்கை நோக்கி அவர் நடந்து வரக்கூடாது. வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலிகளுக்குப் பின்புறமாகப் போங்கள். சின்ன மேடைகளில் நாற்காலி பேனரை ஒட்டிக் கிடக்கும், பின்னால் வழி இருக்காது. அப்போது பக்கத்துப் படியில் கீழே இறங்கிவிடுங்கள். அவருக்கும் சபைக்கும் நடுவே மட்டும் நடக்காதீர்கள்.

அடுத்த விழாவில் மைக் செட்காரர் வந்ததுமே, சபையிலிருந்து பார்த்தால் வலக்கோடியில் வருகிற மாதிரி போடியத்தைப் போடச் சொல்லுங்கள். விருந்தினர் உங்கள் வலப்பக்கம் வந்துவிடுவார். அப்போது உள்ளங்கை மேலே தெரிய வலக்கையைத் தாராளமாக நீட்டலாம்.