திருத்திவிட்ட பில்லுக்கும் ஜிஎஸ்டி கேட்டு ஆணை: திருத்த மனுவை எப்படி எழுதுவது?

கேள்வி: எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். விற்பனை விவரம் காட்டும் 2021 நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1-ல் ரூ.40,000 பில் ஒன்றை ரூ.4,00,000 என்று கைதவறிப் போட்டுவிட்டோம். 2022 ஜனவரி ரிட்டர்னில் அதைத் திருத்தியும் விட்டோம். வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யில் முதலிலிருந்தே சரியான வரியைத்தான் கட்டியிருக்கிறோம். இப்போது 10-11-2025 தேதியிட்டு டிஆர்சி-07 ஆணை வந்திருக்கிறது. வரி, வட்டி, அபராதம் சேர்த்து ரூ.1,30,210 கட்டச் சொல்கிறார்கள். நோட்டீஸ் போர்ட்டலில் கிடந்ததைக் கவனிக்காமல் பதில் போடவில்லை. அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினால் சரியாகிவிடுமா? எப்படி எழுதுவது?

பதில்: ஆகும். ஆனால் சாதாரணக் கோரிக்கைக் கடிதமாக இல்லாமல், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 161-ஆம் பிரிவின் கீழ் திருத்த மனுவாக அது போக வேண்டும். ஆணையைப் பார்த்தாலே, கூடுதலாக விவாதம் எதுவும் தேவைப்படாமல் தெரிகிற பிழையை, ஆணை போட்ட அதிகாரியே திருத்திக்கொள்ள அந்தப் பிரிவு வழி செய்கிறது. அதற்கு நீங்கள் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். உங்கள் ஆணைக்கு அது பிப்ரவரி 10. கடைசி நாளை நம்பாமல் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதிகாரி திருத்துவதற்கும் ஆறு மாத வரம்பு உண்டு; எழுத்துப் பிழை, கூட்டல் பிழை மாதிரியானவற்றுக்கு மட்டும் அந்த ஆறு மாத வரம்பு கிடையாது.

மனு எழுதும் முன் அதிகாரி எப்படி இந்தத் தொகைக்கு வந்தார் என்று கண்டுபிடியுங்கள். டிஆர்சி-07 வெறும் சுருக்கம்தான். அதோடு இணைத்திருக்கும் விரிவான ஆணையில் ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் ஒப்பீட்டு அட்டவணை இருக்கும். உங்கள் பில்லுக்கு உண்மையான வரி 18 சதவீதத்தில் ரூ.7,200. தவறாகப் பதிவான தொகைக்கு ரூ.72,000. வித்தியாசம் ரூ.64,800. ஆணையிலும் வரி ரூ.64,800 என்றே இருந்தால், ஜனவரி ரிட்டர்னின் 9ஏ அட்டவணையை, அதாவது திருத்திய பில்களுக்கான பகுதியை, அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை என்று பொருள். ரூ.72,000 என்றிருந்தால் கதை வேறு: திருத்திய பில்லைப் புது விற்பனையாக நினைத்து, பழைய பில்லோடு சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டுமே பிழைதான். ஆனால் மனுவில் எது நடந்தது என்று சரியாகச் சொன்னால்தான் அதிகாரி தன் அட்டவணையில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பார்.

நீங்கள் சொல்லும் மொத்தத் தொகை முதல் வகையோடு பொருந்துகிறது. வரி ரூ.64,800. அதற்கு 20-12-2021-க்குப் பிறகு ஆணை நாள் வரை 1,421 நாட்களுக்கு 18 சதவீத வட்டி ரூ.45,410. அபராதம் ரூ.20,000. பத்து சதவீதம் என்றால் ரூ.6,480 தானே வரவேண்டும் என்று தோன்றும். 73-ஆம் பிரிவில் அபராதம் வரியில் பத்து சதவீதம் அல்லது ரூ.10,000, எது அதிகமோ அது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுவதால் இருபதாயிரம் ஆகிவிடுகிறது. எனவே அபராதத் தொகையில் கணக்குப் பிழை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். வரி போனால் வட்டியும் அபராதமும் அதோடு போய்விடும்.

நோட்டீசுக்குப் பதில் போடாதது பாதகம்தான், ஆனால் இந்த விஷயத்தில் மரண அடி அல்ல. நீங்கள் காட்டப்போகும் ஆதாரம் புதிதாகக் கொண்டுவரும் சாட்சியம் இல்லை. துறையின் போர்ட்டலிலேயே 2022-லிருந்து இருக்கும் உங்கள் ரிட்டர்ன். இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் மனு நிற்கிறது. இதே இடத்தில் உள்ளீட்டு வரி வரவு தகுதியானதா, பொருளுக்கு எந்த வரி விகிதம் என்பது போன்ற தகராறு இருந்தால் 161 பொருந்தாது, மேல்முறையீடுதான் வழி.

மனு ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாதிரி இது:

> பெறுநர்: மாநில வரி அலுவலர் (ஆணையில் உள்ள பதவிப் பெயரும் வரிவிதிப்பு வட்டமும் அப்படியே)
>
> பொருள்: 2021-22 நிதியாண்டு – டிஆர்சி-07 ஆணை எண் ______, நாள் 10-11-2025 – பிரிவு 161-இன் கீழ் திருத்தம் கோருதல்.
>
> ஐயா / அம்மையீர்,
>
> 1. மேற்படி ஆணையில், ஜிஎஸ்டிஆர்-1-இன்படி வரி ரூ.8,46,360 என்றும், 3பி-இல் செலுத்தியது ரூ.7,81,560 என்றும் கொண்டு, வித்தியாசம் ரூ.64,800-க்கு (சிஜிஎஸ்டி ரூ.32,400, எஸ்ஜிஎஸ்டி ரூ.32,400) வரி விதிக்கப்பட்டுள்ளது.
>
> 2. இந்த வித்தியாசம் முழுவதும் ஒரே பில்லைச் சார்ந்தது. பில் எண் ______, நாள் ______. வரிக்குரிய மதிப்பு ரூ.40,000 என்பதற்குப் பதிலாக நவம்பர் 2021 ஜிஎஸ்டிஆர்-1-இல் ரூ.4,00,000 எனத் தவறாகப் பதிவாகியிருந்தது.
>
> 3. இப்பிழை ஜனவரி 2022 ஜிஎஸ்டிஆர்-1-இன் 9ஏ அட்டவணையில், சட்டம் அனுமதித்த காலத்துக்குள் ரூ.40,000 எனத் திருத்தப்பட்டுள்ளது. ஆணையின் அட்டவணையில் இத்திருத்தம் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால்:
>
> ஆணையில் உள்ள வரி: ரூ.8,46,360
> கழிக்க, திருத்தத்தால் குறைவது (72,000 – 7,200): ரூ.64,800
> திருத்தத்துக்குப் பின் வரி: ரூ.7,81,560
> 3பி-இல் செலுத்தியது: ரூ.7,81,560
> வித்தியாசம்: இல்லை
>
> 4. இது துறையின் பதிவேடுகளிலிருந்தே தெரியும் பிழை. ஆகவே வரி, வட்டி, அபராதம் அனைத்தையும் நீக்கி டிஆர்சி-08 திருத்த ஆணை பிறப்பிக்கவும், மனு முடியும் வரை வசூல் நடவடிக்கை எடுக்காமல் இருக்கவும், மனுவை ஏற்க இயலாத நிலையில் நேரில் விளக்க வாய்ப்பளிக்கவும் வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: ஆணை, நவம்பர் 2021, ஜனவரி 2022 ஜிஎஸ்டிஆர்-1 (9ஏ விவரத்துடன்), அவ்விரு மாத 3பி, பில் நகல்.

மூன்றாவது பத்தியின் அந்த ஐந்து வரிக் கணக்குதான் மனுவின் உயிர். அதிகாரியின் தொகையில் தொடங்கி உங்கள் தொகையில் முடிய வேண்டும். உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து வேறொரு மொத்தத்தை எடுத்துத் தொடங்கினால், இரண்டு அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவர் தலையில் விழும். மனு அங்கேயே தேங்கிவிடும். "கொரோனாவுக்குப் பிறகு வியாபாரம் இல்லை, கருணை காட்டுங்கள்" என்ற பத்தியையும் விட்டுவிடுங்கள். ஆணையில்தான் பிழை என்று சொல்லும் மனுவில் கருணை கேட்டால் படிக்கும் அதிகாரியே சந்தேகப்படுவார்.

இணைப்புகளில் ஒரு சிக்கல் வரும். ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1-இன் பிடிஎஃப் சுருக்கத்தில் திருத்திய பில்களின் மொத்தம் மட்டும்தான் தெரியும். எந்தப் பில் என்று தெரியாது. போர்ட்டலில் அந்த மாத ரிட்டர்னைத் திறந்து, திருத்திய பில்களுக்கான கட்டத்துக்குள் போனால் பழைய பில் எண்ணும் புதிய மதிப்பும் ஒரே இடத்தில் வரும். அந்தத் திரையைப் பிரின்ட் எடுத்து, பில் எண்ணைக் கோடிட்டு இணையுங்கள்.

எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. போர்ட்டலில் இந்த வழியே பதிவேற்றுங்கள்:

```
Services > User Services > My Applications
Application Type: Application for rectification of order
```

பதிவானதும் ஏஆர்என் என்ற விண்ணப்ப எண் வரும். காலக்கெடுவுக்குள் மனு கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. பிறகு ஒரு நகலை ஏஆர்என் எழுதி வரிவிதிப்பு வட்ட அலுவலகத்திலும் கொடுத்து, முத்திரை போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மனு கையில் இருந்தால்தான் மேசைக்கு வரும் என்ற நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

பலரும் கோட்டை விடுவது மேல்முறையீட்டுக் கெடுவில். 107-ஆம் பிரிவின் கீழ் ஆணை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் கூட்டித்தர மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. திருத்த மனு நிலுவையில் இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்கும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் ஆணையைப் பிந்திப் பார்த்திருந்தாலும், போர்ட்டலில் ஏறிய நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஜனவரி இறுதிவரை திருத்த மனுவுக்கு முடிவு வராவிட்டால், தயங்காமல் மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு முன் கட்டவேண்டிய முன்வைப்புத் தொகை தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதம், அதாவது உங்களுக்கு ரூ.6,480. அதைக் கட்டி மேல்முறையீடு பதிவானால் மீதித் தொகையின் வசூலும் நின்றுவிடும். திருத்த மனுவுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆணை கிடைத்து மூன்று மாதம் கழிந்தபின் வங்கிக்கு டிஆர்சி-13 வசூல் நோட்டீஸ் அனுப்பிக் கணக்கை முடக்க அதிகாரியால் முடியும்.

வாடிக்கையாளர் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். நவம்பரில் அவருடைய உள்ளீட்டு வரி வரவுப் பட்டியலான 2பி-யில் ரூ.72,000 வரவு காட்டியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஜனவரித் திருத்தத்துக்குப் பின் திருப்பாமல் விட்டிருந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும், ஆனால் அதிகாரி அதை உங்கள் மனுவோடு முடிச்சுப் போட வாய்ப்புண்டு. ரூ.7,200 மட்டுமே எடுத்ததாக அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். கேட்டால் மட்டும் கொடுங்கள். முதலிலேயே இணைத்தால், வெளி ஆதாரம் தேவைப்படும் விஷயம் என்று மனுவைத் தட்டிவிட அதுவே காரணமாகிவிடும்.

மனு ஏற்கப்பட்டதாக வாய்மொழியாகச் சொன்னால் போதாது. டிஆர்சி-08 போர்ட்டலில் ஏற வேண்டும். ஏறியபின் `Services > Ledgers > Electronic Liability Register` போய், ரிட்டர்ன் சாராத பொறுப்புகளுக்கான இரண்டாம் பகுதியில் உங்கள் டிமாண்ட் எண்ணைத் திறந்து பாருங்கள். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டிலும் வரி, வட்டி, அபராதம் என ஆறு கட்டங்களிலும் நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். வரி மட்டும் நீங்கி அபராதம் நின்றிருந்தால், அதே ஏஆர்என்னைக் குறிப்பிட்டு அன்றைக்கே எழுதுங்கள்.