சம்பளச் சீட்டில் மறையும் 3,600 ரூபாய்

கேள்வி: ஆண்டுக்கு 5 லட்சம் சம்பளம் என்றுதான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். இது என் முதல் வேலை. மாதம் 41,667 வரவேண்டும், 38,067தான் வருகிறது. செப்டம்பரில் 36,817 மட்டுமே வந்தது. டி.டி.எஸ். பிடிக்கவே இல்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா? கமிஷன் கொடுத்தால் பி.எஃப். பணத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பிடித்த கணக்கில் தவறில்லை. நீங்கள் சொன்ன 5 லட்சத்துக்குள் கம்பெனி உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்.பும் அடக்கம். அந்த 1,800 ரூபாய் கழிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் மொத்தச் சம்பளம் என்று சீட்டில் போடுகிறார்கள். அதிலிருந்து உங்கள் பங்கு இன்னொரு 1,800. அடிப்படைச் சம்பளம் அதிகமாக இருந்தாலும், பல கம்பெனிகள் 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று இதே தொகையைத்தான் பிடிக்கின்றன. ஆள் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

செப்டம்பரில் போன 1,250 தொழில் வரி. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. அடுத்த அரையாண்டிலும் வரும். டி.டி.எஸ். இல்லாததும் சரிதான்: 2025-26இல் புதிய வரிமுறைப்படி, சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது.

பிடித்தது சரி, போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு மாதத்துப் பி.எஃப்.பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாகவேண்டும். உமங் செயலியில் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கொண்டு பாஸ்புக்கைத் திறங்கள். உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, ஓய்வூதியம் என்று மூன்று பத்திகள் இருக்கும். முதல் வேலையில் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல் என்றால் ஓய்வூதியப் பங்கு கிடையாது, கம்பெனியின் 1,800 முழுதும் பி.எஃப்.பிலேயே சேரும். 15,000ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550, ஓய்வூதியம் 1,250 என்று இருக்கும். 550ஐப் பார்த்துப் பதறவேண்டாம். கம்பெனியின் 1,800தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சீட்டில் பிடித்தும் பாஸ்புக்கில் இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றால்தான் கவலை. அப்போது கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் புகார் போடுங்கள்.

பி.எஃப். வேண்டாம் என்று விலகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் வேலையில் சேரும் நாளில், அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல் இருந்தால் மட்டுமே அந்த வழி உண்டு. ஒரு முறை உறுப்பினராகிவிட்டால், பிறகு எந்தக் கம்பெனிக்கு மாறினாலும், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் விலக முடியாது. முன்பு பி.எஃப். இருந்ததை மறைத்து, புதிய வேலையில் சேரும்போது கொடுக்கும் படிவம் 11இல் ‘இல்லை’ என்று எழுதச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுதாதீர்கள். பழைய யு.ஏ.என். ஆதாரோடு இணைந்திருப்பதால் பிடிபடுவீர்கள். கையெழுத்தும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தக் கமிஷன்காரரிடம் எதையும் கொடுக்காதீர்கள். பணம் எடுக்க விண்ணப்பிப்பது இலவசம். அவர் கேட்கப்போவது உங்கள் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும். அவை இருந்தால் பொய்க் காரணம் எழுதி உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கையே மாற்றவும் முயலலாம். இவர்கள் பிழைப்பதற்குக் காரணமே இனிஷியல் குழப்பம்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கம்பெனிப் பதிவில் ஒற்றை எழுத்தாக இருந்தாலே விண்ணப்பம் திரும்பிவிடும். தமிழ்ப் பெயர் எழுதும் முறை தெரியாத ஒரு கணினிக்காக மக்கள் மாதக்கணக்கில் அலைவது கொடுமை. பணம் தேவைப்படாத இப்போதே இரண்டு பெயரையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் திருத்திவிடுங்கள்.