எண்களைத் தொலைக்காத ஆல்ட் டெக்ஸ்ட்

கேள்வி: எங்கள் நூலகப் பக்கத்தில் தமிழ்நாட்டு எழுத்தறிவு பற்றிய ஒரு இன்போகிராபிக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். மேலே 2001, 2011 ஆண்டுகளுக்கான ஆண், பெண் பட்டைகள். கீழே 32 மாவட்டங்களின் சதவீதங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக அதோடு சேர்க்கும் விவரிப்பான ஆல்ட் டெக்ஸ்டில் "தமிழ்நாடு எழுத்தறிவு இன்போகிராபிக்" என்று எழுதியிருந்தேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் படிக்கும் வாசகர் ஒருவர், "எண் ஒன்றுகூட இல்லையே?" என்று கேட்டுவிட்டார். எல்லா எண்களையும் எழுதினால் அரைப்பக்கம் ஆகிறது. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: எழுத உட்காரும் முன் படத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். இந்தப் படம் என்ன சொல்கிறது? "எழுத்தறிவு பற்றி" என்பது தலைப்புதான், சேதி அல்ல. மேலே உள்ள நான்கு பட்டைகளும் சொல்வது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி பத்தாண்டில் குறைந்தது என்பதை. அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்லும் எண்கள் ஆல்ட் டெக்ஸ்டுக்குள் வர வேண்டும். மற்றவை படத்துக்கு வெளியே போகலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் ஆண்கள் 82.42 சதவீதம், பெண்கள் 64.43 சதவீதம். 2011இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இந்த நான்கையும் எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணால் பார்ப்பவர் எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் ஒரு நொடியில் ஒப்பிட்டுக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களை ஒப்பிடுவது எளிது, தள்ளி நிற்பதைப் பிடித்துவைப்பது கஷ்டம். "ஆண்கள் 82.42இலிருந்து 86.77, பெண்கள் 64.43இலிருந்து 73.44" என்று எழுதினால் ஒவ்வொரு தரப்பும் எவ்வளவு ஏறியது என்பது காதில் விழும், இடைவெளி விழாது. உங்கள் படத்தின் சேதி இடைவெளி என்பதால், ஆண்டு வாரியாகச் சொல்லுங்கள். பெண்களின் வளர்ச்சிதான் சேதி என்றால் ஆண், பெண் வாரியான வரிசையே சரி.

இப்படி எழுதலாம்:

"பட்டை வரைபடம். தமிழ்நாட்டில் எழுத்தறிவில் ஆண், பெண் இடைவெளி ஏறத்தாழ 18 சதவீதப் புள்ளியிலிருந்து 13 ஆகக் குறைந்தது. 2001இல் ஆண்கள் 82.42 சதவீதம், பெண்கள் 64.43 சதவீதம். 2011இல் ஆண்கள் 86.77 சதவீதம், பெண்கள் 73.44 சதவீதம். 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் கணக்கு. 32 மாவட்டங்களின் எண்கள் கீழே அட்டவணையில்."

18, 13 ஆகிய இரண்டும் படத்தில் அச்சாகியிருக்காது, கழித்து வந்தவை. ஆனால் பட்டைகளின் உயர வித்தியாசம் கண்ணுக்குச் சொல்வது அதைத்தான். அதனால்தான் முழு எண்ணாக, "ஏறத்தாழ" சேர்த்து எழுதியிருக்கிறேன். அச்சில் உள்ள சதவீதங்களை அப்படி முழுமையாக்க வேண்டாம். 7 வயது பற்றிய வரியை விட்டுவிடவும் கூடாது. கணக்கெடுப்பில் எழுத்தறிவு சதவீதம் 7 வயது முதல்தான் கணக்கிடப்படுகிறது. படத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் இதுபோன்ற குறிப்பு இல்லாவிட்டால், மொத்த மக்கள்தொகையில் இத்தனை பேர் என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.

"இது ஒரு படம்" என்று தொடங்கத் தேவையில்லை, அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். பின்னணி நிறம், ஓரத்துப் புத்தகப் பொம்மை, ஸ்கிரீன்ஷாட்டில் சேர்ந்து வந்த பேட்டரி அடையாளம் எல்லாம் விடலாம். கட்டுரையில் "பச்சைப் பட்டையைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தால் மட்டும் நிறம் வேண்டும்.

எண்களை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. 64.43-73.44 என்று நடுவில் கோடு போட்டால், என்விடிஏ மாதிரியான ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்கள் வழக்கமான அமைப்பில் அந்தக் கோட்டை வாய்விட்டுச் சொல்லாது, இரண்டு எண்கள் ஒட்டி வரும். அம்புக்குறிகளையும் நம்ப முடியாது. "இலிருந்து", "ஆக" என்று சொல்லாகவே எழுதுங்கள். பெரிய எண்களில் காற்புள்ளி குரலுக்குக் குரல் வேறு மாதிரி ஒலிக்கும். 7,21,47,030 என்பதை "7 கோடியே 21 லட்சம்" என்று எழுதுவது பாதுகாப்பு. துல்லிய எண் வேண்டியவருக்கு அது அட்டவணையில் இருக்கட்டும்.

சரி, 32 மாவட்டங்கள்? ஆல்ட் டெக்ஸ்ட் ஒரே நீளமான சரம். அதில் தலைப்பு, வரிசை, பத்தி எதுவும் இல்லை. கன்னியாகுமரி 91.75, தருமபுரி 68.54 என்று முதலிடத்தையும் கடைசியையும் வேண்டுமானால் அதில் சேர்க்கலாம். மற்ற 30 எண்களையும் அதில் கொட்டினால், மதுரையைத் தேடுபவர் எல்லாவற்றையும் கேட்டுத் தீர வேண்டும். படத்துக்குக் கீழே உண்மையான அட்டவணையாகப் போட்டால் ஒவ்வொரு கட்டமாக நகரலாம், தேடலாம், நகலெடுக்கலாம்.

```html
<figure lang="ta">
  <img src="literacy.png" alt="பட்டை வரைபடம். ...">
  <figcaption>எழுத்தறிவு, 2001 மற்றும் 2011</figcaption>
</figure>
<table lang="ta">
  <tr><th scope="col">மாவட்டம்</th>
      <th scope="col">சதவீதம்</th></tr>
  <tr><th scope="row">கன்னியாகுமரி</th><td>91.75</td></tr>
</table>
```

மொழி தமிழ் என்று சொல்லும் `lang="ta"` இல்லையென்றால் ஆங்கிலக் குரல் படிக்க முயலலாம். தமிழ் எழுத்துகளைத் தாண்டிவிட்டு எண்களை மட்டும் உச்சரிக்கும் ஆங்கிலக் குரல்களும் உண்டு. எது எந்த எண் என்றே தெரியாமல் போகும். இன்னொன்று, அட்டவணையை `aria-describedby` மூலம் படத்தோடு இணைக்கச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அட்டவணையும் ஒரே சரமாகத்தான் வாசிக்கப்படும், கட்டங்கள் காணாமல் போகும். "கீழே அட்டவணையில்" என்ற சொல்லே போதும்.

இதே படத்தை எக்ஸ் தளத்தில் போட்டால் ஆல்ட் டெக்ஸ்டுக்கு 1000 எழுத்து, மாஸ்டடானில் வழக்கமாக 1500. ஆனால் யூனிகோடு கணக்கில் "பெண்கள்" என்ற நான்கெழுத்துச் சொல் ஏழு குறிகளாக எண்ணப்படும். ஆகவே தமிழில் எழுதும்போது இடம் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீரும். அங்கே மாவட்டங்களை அடுத்த பதிவில் உரையாக எழுதிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் படத்தைக் காட்டாமல் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டி, "எந்த ஆண்டில் இடைவெளி அதிகம்? எவ்வளவு?" என்று கேளுங்கள். திணறினால் வரிசையை மாற்றுங்கள். அப்புறம் என்விடிஏவைத் திறந்து G விசையை அழுத்தினால் நேராகப் படத்துக்குப் போய் அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்கலாம்.

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் மாநில மொத்தம் 80.33 என்று இருக்கிறதா, 80.09 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 80.33 என்பது 2011இல் முதலில் வெளியான தற்காலிக எண், இறுதி எண் 80.09. பழைய படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் ஆண், பெண் எண்களும் 86.81, 73.86 என்று மாறியிருக்கும். அப்படிப்பட்ட படமாக இருந்தால் ஆல்ட் டெக்ஸ்டில் படத்தில் உள்ள எண்ணையே எழுத வேண்டும், சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. பார்ப்பவருக்கு ஒரு எண், கேட்பவருக்கு வேறு எண் என்றால் இருவரும் பேசிக்கொள்ளும்போது குழப்பம்தான். இறுதி எண் எது என்பதைப் படத்துக்குக் கீழே, எல்லோரும் படிக்கும் வரியில் எழுதுங்கள்.