சிவப்பாகாத தேதி: கேலிபரேஷன் பதிவேட்டில் எச்சரிக்கை ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் தரப் பரிசோதனை லேபில் சுமார் 60 கருவிகள் இருக்கின்றன. கேலிபரேஷன் கெடு தேதிகளை எக்செல்லில் எழுதி, தேதி தாண்டினால் சிவப்பாகும்படி வைத்திருக்கிறோம். அப்படியும் ஒரு மைக்ரோமீட்டருக்கு 14-03-2026 அன்றே கெடு முடிந்ததை ஏப்ரல் 2-ஆம் தேதி ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். அந்த வரி கடைசிவரை சிவப்பாகவே இல்லை. பதிவேட்டை எப்படி அமைப்பது? அதுவரை அந்த மைக்ரோமீட்டரில் எடுத்த அளவுகளை என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் `=ISNUMBER(...)` போட்டு, கெடு தேதி இருக்கும் கட்டத்தைச் சுட்டிப் பாருங்கள். FALSE என்று வர வாய்ப்பு அதிகம். எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். கணினி மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் இருந்தால், 14-03-2026 என்று தட்டியதும் 14-ஆவது மாதம் கிடையாது என்று அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது எக்செல் எப்போதும் எழுத்தையே பெரியதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் "இன்றைய தேதியைவிடச் சிறியதா?" என்ற உங்கள் நிபந்தனைக்கு அந்த வரியில் என்றைக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பத்து வருடம் போனாலும் சிவப்பாகாது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அதே கணினியில் 05-11-2026 என்று தட்டினால் பிழை எதுவும் தெரியாது, நவம்பர் 5 சத்தமில்லாமல் மே 11 ஆகிவிடும். ஆகவே தேதிப் பத்திகளை மாதம் எழுத்தில் தெரியும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, 60 வரிகளையும் ஒருமுறை சான்றிதழோடு வைத்துச் சரிபாருங்கள். ஒரு மதியம் போதும்.

அப்புறம், கெடு தேதியைக் கையால் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையால் எழுத வேண்டியது கேலிபரேஷன் நடந்த தேதியும் இடைவெளி மாதங்களும் மட்டுமே. சான்றிதழ் வெளியிட்ட தேதி, கருவி திரும்பி வந்த தேதி எல்லாம் இதற்கு உதவாது. சான்றிதழில் அடுத்த தேதி இருக்கும் என்று தேடவும் வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய, இடைவெளியைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017-இன் 7.8.4.3 பிரிவு. எத்தனை மாதம் என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

பத்திகளை இப்படி வையுங்கள்: A அடையாள எண், B கருவி, C கேலிபரேஷன் நடந்த தேதி, D இடைவெளி மாதம், E முன்னறிவிப்பு நாள், F நிலை, G கெடு தேதி, H எச்சரிக்கை. முதலில் G2, அடுத்து H2:

```
=IF(COUNT(C2:D2)=2,EDATE(C2,D2),"")

=IF(F2="நிறுத்தம்","நிறுத்தம்",
 IF(G2="","தேதி தவறு",
 IF(TODAY()>G2,"கெடு முடிந்தது",
 IF(TODAY()>=G2-E2,"அனுப்பு","சரி"))))
```

தேதி எழுத்தாக விழுந்தால் இப்போது "தேதி தவறு" என்று கத்தும். இந்தச் சூத்திரத்தில் கெடு நாளன்றும் கருவியைப் பயன்படுத்தலாம், மறுநாள்தான் முடிந்ததாகக் கணக்கு. உங்கள் நடைமுறை ஆவணத்திலும் அதையே எழுதிவிடுங்கள், ஸ்டிக்கர் ஒன்று சொல்லி ஷீட் இன்னொன்று சொல்லக் கூடாது.

E பத்தியில் எல்லாவற்றுக்கும் 30 என்று இழுத்துவிடாதீர்கள். கருவி வெளியே போய் வர ஆகும் நாள், சான்றிதழைப் படித்துப் பார்க்கும் நாள், மாற்றுக் கருவி ஏற்பாடு செய்யும் நாள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். உள்ளேயே சரிபார்க்கும் கருவிக்கு ஒரு வாரம் போதலாம். மாற்று இல்லாத, வெளியே அனுப்ப வேண்டிய ஒன்றுக்கு 45 நாள்கூடப் பற்றாமல் போகலாம்.

F-இல் "பயன்பாட்டில்", "வெளியே", "நிறுத்தம்" என மூன்று நிலை போதும். "வெளியே" என்று மாற்றினாலும் எச்சரிக்கை அணையாதபடிதான் சூத்திரம் இருக்கிறது, அது வேண்டுமென்றே செய்தது. அனுப்பியாயிற்று என்று குறித்துவிட்டு, கருவி இரண்டு மாதம் வெளியே கிடந்ததை யாருமே கவனிக்காத கதையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். "நிறுத்தம்" போடாத கருவிக்கு எச்சரிக்கையை அணைக்க ஒரே வழி C-இல் புதுத் தேதி. அந்தத் தேதியை, சான்றிதழில் உள்ள பிழையை உங்கள் ஏற்பு வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தவர்தான் போட வேண்டும். கருவி கைக்கு வந்ததும் தேதியை மாற்றுவது, வரம்பு மீறிய கருவிக்கும் "சரி" போட்டுவிடும்.

இன்னொரு ஓட்டை, ஷீட்டை யாரும் திறக்காவிட்டால் எந்த நிறமும் யார் கண்ணிலும் படாது. கூகுள் ஷீட்ஸுக்கு மாற்ற முடிந்தால், பதிவேடு இருக்கும் ஷீட்டுக்கு CAL என்று பெயர் வைத்து, இந்தச் சின்ன ஸ்கிரிப்டில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டு, வாரம் ஒருமுறை திங்கள் காலை ஓடும்படி டிரிகர் வையுங்கள்:

```
function calAlert() {
  const rows = SpreadsheetApp.getActive()
    .getSheetByName('CAL').getDataRange()
    .getDisplayValues().slice(1)
    .filter(r => r[0] && !['சரி','நிறுத்தம்'].includes(r[7]));
  const text = rows.map(r => r[0]+' '+r[1]+': '+r[7]).join('\n');
  MailApp.sendEmail('lab@example.com',
    'கேலிபரேஷன் ' + rows.length, text || 'எதுவும் இல்லை');
}
```

பட்டியல் காலியாக இருந்தாலும் மெயில் வரும். வராத திங்களில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். தினமும் அனுப்பினால் மூன்றாம் வாரமே யாரும் திறக்க மாட்டார்கள்.

சரி, அந்த மைக்ரோமீட்டர். உடனே பயன்பாட்டிலிருந்து எடுத்து, "பயன்படுத்தாதே" என்று ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வையுங்கள். அனுப்பும்போது, எதையும் திருத்துவதற்கு முன் இருந்தபடியே அளந்த பிழையையும் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். சரிசெய்துவிட்டு அளந்த எண்ணை மட்டும் வாங்கினால், பழைய அளவுகள் நம்பத் தக்கவையா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பிழை வரம்புக்குள் இருந்தால் பழைய அளவுகள் நிற்கும். கெடு தவறியது மட்டும் குறைபாடாகப் பதிவாகும். வரம்பு மீறியிருந்தால், பலர் நினைப்பதுபோல் கெடு தாண்டிய 19 நாளை மட்டும் பார்த்தால் போதாது. கருவி எப்போது கெட்டது என்று தெரியாதே! இடைவெளி 12 மாதம் என்றால், கடைசியாகச் சரியாக இருந்தது என்று தெரிந்த நாள் 14-03-2025. அங்கிருந்து எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நடுவில் ஸ்லிப் கேஜ் வைத்துச் சரிபார்த்து எழுதிய பதிவு இருந்தால், அந்த நாள்வரை விலக்கலாம்.

பயந்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் திரும்ப அளக்கத் தேவை இருக்காது. ஏற்பு வரம்பு 4 மைக்ரான், கருவி 6 மைக்ரான் கூடுதலாகக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். பாகத்தின் அளவு 12.000 ± 0.020 மி.மீ. என்றால் கீழ் எல்லை 11.980. கருவி 11.983 காட்டியிருந்தால் உண்மை அளவு 11.977, அதாவது தள்ள வேண்டியதை ஏற்றிருக்கிறீர்கள். இப்படி 11.980-இலிருந்து 11.985 வரை பதிவான பாகங்கள்தான் மறு அளவுக்கு வர வேண்டியவை. 11.986 உண்மையில் சரியாக 11.980, விளிம்பில் நிற்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மேல் எல்லையில் நல்ல பாகம் சில தள்ளப்பட்டிருக்கலாம், அது உங்கள் நஷ்டமே தவிர வாடிக்கையாளருக்கு ஆபத்தில்லை.

இந்த வடிகட்டல் நடக்க, ஒவ்வொரு பரிசோதனைத் தாளிலும் A பத்தியில் உள்ள அடையாள எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே "மைக்ரோமீட்டர்" என்றிருந்தால், லேபில் உள்ள எல்லா மைக்ரோமீட்டர்களின் அளவுகளையும் ஒரு வருடத்துக்குப் புரட்ட வேண்டிவரும்.