டீசல் கணக்குக் கேள்வி பதில்: பாதி டேங்க் பில்லை நம்பாதீர்கள்

ஹட்டன், பேக்கரிக்காரர்: அண்ணே, லொறி ஒருமுறை லீற்றருக்கு 18 ஓடுது, அடுத்தமுறை 6தான். டிரைவர் டீசல் விற்கிறானா?

அவசரப்பட்டுப் பையனை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று வரியிலேயே விடை இருக்கிறது. மீற்றர் 48,210இல் ஃபுல் டேங்க். 48,390இல் 10 லீற்றர் மட்டும். 48,530இல் மறுபடி ஃபுல், 22 லீற்றர். நீங்கள் 180ஐ 10ஆல் வகுத்து 18 என்றும், 140ஐ 22ஆல் வகுத்து 6.4 என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஓடிய ஓட்டத்துக்கு 10 லீற்றர் போதவில்லை. அந்தக் குறையும் சேர்ந்துதான் கடைசி பில்லில் நிரம்பியது. ஃபுல்லிலிருந்து ஃபுல் வரை எடுங்கள்: 320 கிலோமீற்றர், 32 லீற்றர், ஆக 10. முதல் ஃபுல்லுக்குப் போட்ட லீற்றரைச் சேர்க்க வேண்டாம், அது பழைய ஓட்டத்தின் டீசல்.

இனி பில்லில் "ஃபுல்" அல்லது "குறை" என்று டிரைவரையே எழுதச் சொல்லுங்கள். முடிந்தவரை ஒரே ஷெட்டில், ஹட்டனிலேயே அடிக்கட்டும். நுவரெலியா ஏறிப் போய் அங்கே ஃபுல் அடித்தால் ஏற்றம் ஒரு பில்லிலும் இறக்கம் அடுத்த பில்லிலும் விழும். நாலைந்து சுற்று இப்படிப் பார்த்து, அதே ரோட்டில், அதே பாரத்தில் 10 என்பது 8 ஆனால் அப்போது விசாரிக்கலாம். அப்போதும் முதலில் டயர் காற்றையும் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

பண்டாரவளை, மரக்கறி ஏற்றுபவர்: ஒவ்வொரு பில்லையும் வகுத்து சராசரி எடுத்தா சரிதானே?

எல்லா பில்லும் ஃபுல் என்றால் ஓரளவு சரி. ஆனால் 18க்கும் 6.4க்கும் சராசரி 12.2 வரும், உண்மை 10. மொத்த ஓட்டத்தை மொத்த லீற்றரால் வகுங்கள்.

தலவாக்கலை, டிரைவர்: நான் ரம்பொடை இறக்கத்துல நியூட்ரல்லதான் விடுவேன், நல்லா மிச்சம் வருது.

கேள்வி கேட்காமலேயே வம்பை இழுத்துவிட்டீர்கள். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடக்கூட டீசல் குடிக்கும். அதோடு பாரம் முழுக்க பிரேக்கில் விழும், சூடேறினால் பிடிக்காது.

தலவாக்கலை, டிரைவர்: பழைய லொறி ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

ஓட்டியிருக்கிறேன். சரி, ஒரு மாதம் இப்படி, ஒரு மாதம் அப்படி, ஃபுல் டு ஃபுல் எழுதிக் காட்டுங்கள்.

நானுஓயா, பால் விநியோகிப்பவர்: மாசச் செலவு போன மாசத்தை விடக் கூட, ஓட்டம் குறைவு. எப்படி?

போன மாதத்தைக் குறை டேங்கில் முடித்து, இந்த மாதம் 30ஆம் தேதி இரவு ஃபுல் அடித்தீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் போன மாதக் குறையும் இந்த மாத பில்லில் விழுந்திருக்கும். மாதக் கடைசியில்தான் பெரும்பாலும் விலையும் மாறும். ஒவ்வொரு மாதத்தையும் ஃபுல்லில் முடியுங்கள், அப்போது பில் கூட்டலே செலவு. டிரைவரை எடை போட ரூபாய் வேண்டாம், லீற்றரைப் பாருங்கள்.

கம்பளை, கடைக்காரர்: 2022 கணக்கோட ஒப்பிடலாமா?

கியூ.ஆர். கோட்டாவில் யாருக்கு ஃபுல் கிடைத்தது? விட்டுவிடுங்கள்.

வட்டவளை, லொறி வாங்கியவர்: அண்ணே, ஒருமுறை 18, ஒருமுறை 6...

மேலே பேக்கரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.